விடுதி மொட்டை மாடிகளில் சோலார்: கமிட்டி முன் பேச்சு

முதல்வர் ஐயாவுக்கும் கமிட்டியில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம். நான் ட்ரிபிள் இ மூன்றாம் ஆண்டு, பெண்கள் விடுதி மாணவி. மூன்று விடுதிகளின் மொட்டை மாடியிலும் சோலார் பேனல் போடச் சொல்லிக் கேட்க வந்திருக்கிறேன். செலவு 30 லட்சம் ஆகும். பெரிய தொகைதான், அதனால் கணக்கை வாய்விட்டே போட்டுக் காட்டுகிறேன், எங்கே இடிக்கிறதோ அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். தண்ணீர் டேங்க், மாடிப்படி அறை, அதன் நிழல் விழும் இடம் எல்லாம் கழித்தாலும் மூன்று மாடியிலும் சேர்த்து 60 கிலோவாட் போடலாம். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், ஐப்பசி கார்த்திகை மழை நாட்களையும் சேர்த்துத்தான் இந்தச் சராசரி. ஆக நாளுக்கு 240, வருஷத்துக்கு 87,600 யூனிட். மே மாத விடுமுறை, பேனலில் படியும் தூசி என்று கழித்து 80,000 என்றே வைத்துக்கொள்வோம். நம் பில்லில் யூனிட்டுக்குச் சராசரியாக 8 ரூபாய் விழுகிறது. எண்பதாயிரத்தை எட்டால் பெருக்கினால் 6,40,000. கழுவவும் பராமரிக்கவும் 40,000 போனால் மிச்சம் 6 லட்சம். 30 லட்சத்தை 6 லட்சத்தால் வகுங்கள், 5 வருஷம். கடன் வாங்கிப் போட்டால், 10 சதவீத வட்டிக்கு, 7 வருஷத்துக்குச் சற்று மேலே போகும். பேனல் 25 வருஷம் உழைக்கும், உற்பத்தி மட்டும் வருஷா வருஷம் கொஞ்சம் குறையும். இன்வெர்ட்டரை பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் மாற்ற வேண்டியிருக்கும், அதற்குத் தனியாகப் பணம் எடுத்து வைக்க வேண்டும்.

பகலில் விடுதியில் யார் இருக்கிறார்கள் என்று வார்டன் மேடம் கேட்டார்கள், சரியான கேள்வி. மொத்த வளாகத்துக்கும் ஒரே ஹெச்டி கனெக்‌ஷன்தான், அதனால் நாங்கள் வகுப்பில் இருக்கும் நேரத்தில் அந்தக் கரண்ட் லேப் ஏசிக்கும் போர் மோட்டாருக்கும் மெஸ் கிரைண்டருக்கும் போய்விடும். ஆனால் ஜெனரேட்டருக்குப் பதிலாக இதை நினைக்க வேண்டாம். பேட்டரி இல்லாத சோலார், லைனில் கரண்ட் போனால் தானாக நின்றுவிடும், கம்பத்தில் வேலை பார்க்கிற லைன்மேனின் உயிருக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், துணி காயப்போடும் இடம். அதை எடுத்துவிடாதீர்கள். ஸ்டாண்டை எட்டடி உயரத்தில் நிறுத்தினால் கீழே கொடி கட்டிக்கொள்ளலாம், அதற்கான கூடுதல் இரும்பையும் 30 லட்சத்தில் சேர்த்துத்தான் சொன்னேன். மேல் மாடி அறைகளில் ஏப்ரல் மாதம் ராத்திரி பத்து மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடுகிறது, தலைக்கு மேல் நிழல் வந்தால் அந்தச் சூடு குறையும்.

இன்று முழுப் பணத்தையும் கேட்கவில்லை. மாடி இந்த எடையையும் புயல் காற்றையும் தாங்குமா என்று பார்க்க ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், மூன்று இடத்தில் கொட்டேஷன், இந்த இரண்டுக்கும் அனுமதி கொடுங்கள்.