உயர்தர மாணவர் உதவித்தொகை: சரிபார்த்துத் திருத்திய அறிவித்தல்

உறவுகளுக்கு வணக்கம்.

மூன்று நாளாக எங்கள் வட்ஸ்அப் குழுவில் "வன்னி மாணவர் அனைவருக்கும் 50,000 ரூபா, நாளை கடைசி நாள், உடனே பகிருங்கள்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அதைப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை காலையிலேயே இரண்டு தாய்மார் விதானையார் வீட்டுப் படலையைத் தட்டியிருக்கிறார்கள். அவருக்கும் விஷயம் தெரியாது. அதனால் நானே பாடசாலைக்குப் போய் அதிபரிடம் உள்ள மூலக் கடிதத்தை வாசித்தேன். பிறகு மல்லாவியில் இதை ஒருங்கிணைக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரையும் நேரில் கண்டு கேட்டேன். கீழே உள்ளது அவர்கள் இருவரும் உறுதிப்படுத்தியது. பழைய செய்தியை விட்டுவிட்டு இதையே பகிருங்கள்.

உதவித்தொகை உண்மைதான். கனடாவில் வாழும் எங்கள் பகுதிப் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து கொடுக்கிறார்கள். ஆனால் தொகை 50,000 அல்ல. மாதம் 5,000 ரூபா, 12 மாதத்துக்கு, 20 மாணவர்களுக்கு. அரசாங்கத் திட்டமும் இல்லை, மஹாபொலவும் இல்லை. மஹாபொல பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவர்களுக்கு உரியது. அந்தப் பெயரை யார் இதில் சேர்த்தார்களோ தெரியவில்லை.

*யார் விண்ணப்பிக்கலாம்?*

துணுக்காய் கல்வி வலயப் பாடசாலை ஒன்றில் உயர்தரம் படித்து, 2027இல் பரீட்சை எழுத இருப்பவர்கள். எந்தப் பிரிவும் சரி. கலைப்பிரிவுப் பிள்ளைகளுக்கு இல்லை என்று வந்தது பிழை.

2024ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சையை முதல் தடவையிலேயே சித்தியடைந்திருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். அந்தப் பரீட்சை நடந்தது 2025 மார்ச்சில். பெறுபேற்றுத் தாளில் 2024 (2025) என்று இருக்கும். பழைய செய்தியில் "2025 சாதாரண தரம்" என்று போட்டதால், அதற்கு அடுத்த தொகுதிப் பிள்ளைகளும் படிவம் கேட்டு வந்திருக்கிறார்கள்.

குடும்பத்தின் மாத வருமானம் 60,000 ரூபாவுக்குள் இருக்க வேண்டும். அஸ்வெசும கிடைக்காதவர்களும் விண்ணப்பிக்கலாம். தாய் அல்லது தந்தையை இழந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிப் பெற்றோரின் பிள்ளைகளுக்கும் முன்னுரிமை உண்டு. "அவர்களுக்கு மட்டும்" என்று கடிதத்தில் எந்த வரியிலும் இல்லை.

*என்னென்ன கொடுக்க வேண்டும்?*

1. விண்ணப்பப் படிவம். பாடசாலை அலுவலகத்தில் இலவசம். சனசமூக நிலையத்திலும் 15 பிரதி வைத்திருக்கிறேன்.
2. பிறப்புச் சான்றிதழின் பிரதி.
3. சாதாரண தரப் பெறுபேறு. www.doenets.lk தளத்தில் எடுத்த தாளில் அதிபர் கையொப்பமிட்டால் போதும்.
4. வருமானச் சான்றிதழ். விதானையார் எழுதி, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் பெற்றது. ஆறு மாதத்துக்கு மேல் பழையது எடுபடாது.
5. மாணவர் பெயரிலுள்ள வங்கிப் புத்தகத்தின் முதற் பக்கப் பிரதி.
6. முன்னுரிமை கேட்பவர்கள் மட்டும்: மரணச் சான்றிதழ் அல்லது மருத்துவச் சான்று.

பிரதிகளில் அதிபரோ சமாதான நீதவானோ உறுதிப்படுத்தி ஒப்பமிட வேண்டும். மூலங்களைக் கொடுக்க வேண்டாம். போன வருடம் ஒரு பிள்ளை மூலப் பிறப்புச் சான்றிதழையே வைத்துக் கொடுத்து, அதைத் திருப்பி எடுக்க மூன்று தடவை மல்லாவிக்கு அலைந்தது.

பிறப்புச் சான்றிதழ் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். இந்தத் தொகுதிப் பிள்ளைகளில் அநேகமானோர் 2008இல் பிறந்தவர்கள். அந்த வருடம் நாங்கள் எந்த ஊரில், எந்த மரத்தடியில் இருந்தோம் என்பது எல்லோருக்கும் தெரியும். சிலருக்குப் பதிவு பிந்தி, செட்டிகுளம் முகாமிலிருந்தபோது நடந்தது. சிலருடைய சான்றிதழில் தகப்பனின் பெயர் ஒரு மாதிரியும் பாடசாலை இடாப்பில் வேறு மாதிரியும் இருக்கிறது. ஒருங்கிணைப்பாளரிடம் இதைத்தான் முதலில் கேட்டேன். பிந்திய பதிவு என்றால் ஒரு பிரச்சினையும் இல்லை. பெயரில் எழுத்து வித்தியாசம் இருந்தால், இருவரும் ஒருவரே என்று அதிபர் ஒரு கடிதம் தந்தால் ஏற்றுக்கொள்வார்கள். சான்றிதழே கையில் இல்லாதவர்கள் நாளைக்கே பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போய்ப் பிரதிக்கு எழுதிக் கொடுங்கள். வேறு மாவட்டத்தில் பதிந்தது என்றால் கிடைக்க நாளெடுக்கலாம். கடைசித் திகதிக்குள் வராவிட்டால், பிரதிக்குப் பணம் கட்டிய பற்றுச்சீட்டை இணைத்து விண்ணப்பியுங்கள். சான்றிதழைப் பிறகு கொடுக்கலாம் என்று அவரே சொன்னார்.

வங்கிப் புத்தகம் இல்லாதவர்களும் பயப்பட வேண்டாம். இப்போதைக்கு அம்மாவின் கணக்கு இலக்கத்தை எழுதலாம். தெரிவானால், முதல் மாதக் காசு போடுமுன் பிள்ளையின் பெயரில் கணக்குத் திறந்துவிட வேண்டும்.

*கடைசித் திகதி*

*2026 ஜூலை 24, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 1 மணி. பாடசாலை அலுவலகத்தில்.*

மூலக் கடிதத்தில் இரண்டு திகதிகள் இருக்கின்றன. ஜூலை 31 என்பது அதிபர்மார் எல்லா விண்ணப்பங்களையும் கட்டாக ஒருங்கிணைப்பாளரிடம் ஒப்படைக்கும் நாள். அது உங்களுக்கு உரியதல்ல. "31 மட்டும் நேரமிருக்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியென்றால் "நாளை கடைசி நாள்" எங்கிருந்து வந்தது? அந்தச் செய்தியோடு வந்த படத்தைப் பெருப்பித்துப் பாருங்கள். கடிதத்தைப் பிடித்திருப்பவரின் பெருவிரல் கீழ் மூலையை மறைக்கிறது. விரலுக்குப் பக்கத்தில் "2025" என்பதன் கடைசி இரண்டு எண்கள் தெரிகின்றன. அது போன வருடக் கடிதம். படம் பழையது, மேலே எழுதியிருப்பது யாரோ புதிதாகச் சேர்த்தது.

அந்தச் செய்தியின் அடியில் உள்ள இணைப்பை ஒருவரும் அழுத்த வேண்டாம். நான் நூலகக் கணினியில் திறந்து பார்த்தேன். அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, பிறகு போனுக்கு வரும் இரகசிய எண், 500 ரூபா பதிவுக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. இந்த உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பமே இல்லை, ஒரு சதமும் கட்டணம் இல்லை. ஏற்கனவே விபரம் கொடுத்தவர்கள் வெட்கப்படாமல் நாளைக் காலையே உங்கள் வங்கிக்குப் போய்ச் சொல்லுங்கள். அந்த இரகசிய எண்ணையும் கொடுத்திருந்தால் விடியும்வரை காத்திராமல் இப்போதே வங்கிக்கு அழையுங்கள்.

வருமானச் சான்றிதழுக்கு இரண்டு இடம் ஏறி இறங்க வேண்டும், அதனால் முதலில் அதைத் தொடங்குங்கள். விதானையாரோடு கதைத்துவிட்டேன். வரும் செவ்வாயும் வியாழனும் காலையில் இதற்கென்றே கந்தோரில் இருப்பார். போகும்போது குடும்ப அட்டையும் பெற்றோரின் அடையாள அட்டையும் கொண்டு போங்கள்.

படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் திங்கள் முதல் வியாழன் வரை பின்னேரம் 4 மணிக்குப் பிறகு சனசமூக நிலையத்துக்கு வாருங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள், கையொப்பம் பிள்ளைதான் வைக்க வேண்டும். வட்ஸ்அப் இல்லாத வீடுகளுக்கு, முக்கியமாகக் குளக்கட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு, பக்கத்து வீட்டார் வாயால் சொல்லிவிடுங்கள். இதன் அச்சுப் பிரதி சந்திக் கடையிலும் கூட்டுறவுக் கடைச் சுவரிலும் ஒட்டியிருக்கிறது.

ஏதாவது மாறினால் இதே தலைப்பில், திகதி போட்டு, நானே திரும்ப அனுப்புவேன்.

செயலாளர்,
சனசமூக நிலையம், பாண்டியன்குளம்
2026.07.12, ஞாயிறு இரவு