ஒழுங்கு நடவடிக்கைக் குழு உத்தரவின் சுருக்கம்: கட்சிக்காரரின் விபத்து இழப்பீட்டுப் பணத்தைக் கணக்குக் காட்டாத வழக்கறிஞர்

குழு: தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலின் மூவர் குழு
சட்டப்பிரிவு: வழக்கறிஞர்கள் சட்டம் 1961, பிரிவு 35
புகார் நாள்: 20.3.2023, உத்தரவு நாள்: 15.2.2024

இரு தரப்பின் பெயரும் இங்கே தரப்படவில்லை. கீழே "புகார்" என்ற தலைப்பில் இருப்பவை புகார்தாரர் சொன்னவை மட்டுமே. அவற்றில் நிரூபணமானவையும் ஆகாதவையும் கலந்திருக்கின்றன. மேற்கோள் காட்டுவதாக இருந்தால் "முடிவுகள்" பகுதியிலிருந்து மட்டும் காட்டவும்.

புகார்

புகார்தாரரின் கணவர் சாலை விபத்தில் இறந்தார். எதிர்மனுதாரரான வழக்கறிஞர் மூலம் 2018 ஜூலையில் எம்.சி.ஓ.பி. என்னும் மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு தாக்கலானது. தீர்ப்பாயம் ரூ.11,40,000-மும் 7.5 சதவீத வட்டியும் வழங்கியது. காப்பீட்டு நிறுவனம் 2022 ஜூலையில் செலுத்திய மொத்தத் தொகை ரூ.15,06,500 (அசல் 11,40,000, நான்கு ஆண்டு வட்டி 3,42,000, செலவுத்தொகை 24,500). மைனர் பிள்ளைகள் இருவரின் பங்கு ரூ.7,00,000 நிரந்தர வைப்பில் போடப்பட்டது. மீதி ரூ.8,06,500 புகார்தாரரின் சேமிப்புக் கணக்கில் 29.8.2022 அன்று வரவானது.

அவர் சொன்ன குற்றச்சாட்டுகள் நான்கு:

1. தீர்ப்பாயத்திலிருந்து இழப்பீட்டுப் பணத்தைப் பெறுவதற்கான செக் பெட்டிஷனில் கையெழுத்து வாங்கும்போதே வெற்றுக் காசோலைகளிலும் கையெழுத்து வாங்கி, தனக்குத் தெரியாமல் ரூ.4,50,000 எடுத்துக்கொண்டார்.
2. கேட்டும் வழக்குக் கட்டையும் அசல் ஆவணங்களையும் திருப்பித் தரவில்லை.
3. இழப்பீட்டை உயர்த்தக் கோரி மேல்முறையீடு செய்யாமல் விட்டது கவனக்குறைவு.
4. பணத்தைக் கேட்டபோது குமாஸ்தாவை விட்டுத் தொலைபேசியில் மிரட்டினார்.

எதிர்மனுதாரரின் பதில்

பணம் எடுத்ததை அவர் மறுக்கவில்லை. மொத்தத் தொகையில் 30 சதவீதம் கட்டணம் என்று 12.1.2021 தேதியிட்ட ஒப்பந்தம் இருப்பதாகவும், அதன்படியே எடுத்ததாகவும் சொல்லி ஒப்பந்தத்தைத் தாக்கல் செய்தார். மற்றவற்றை மொத்தமாக மறுத்தார்.

இந்தப் பதில் வந்ததும் குழு ஐந்தாவதாக ஒரு குற்றச்சாட்டை எழுத்தில் வனைந்தது: வழக்கின் பலனில் பங்கு பேசியது. அதற்குப் பதில் தரவும் சாட்சி விசாரிக்கவும் எதிர்மனுதாரருக்கு அவகாசம் தந்தது. இதைச் செய்யாமல் உத்தரவில் நேராகக் கண்டிருந்தால், குற்றச்சாட்டு வனையாத விஷயத்தில் தண்டித்தார்கள் என்ற ஒரே வாதத்தில் அந்தப் பகுதி மேல்முறையீட்டில் நின்றிருக்காது.

முடிவுகள்

நிரூபண அளவு: இது குற்றவியல் தன்மை கொண்ட விசாரணை என்பதால் சிவில் வழக்கின் நிகழ்தகவு அளவு போதாது, ஐயத்துக்கு இடமில்லாத ஆதாரம் தேவை என்ற அடிப்படையில் குழு ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தது.

முதல் குற்றச்சாட்டு: நிரூபிக்கப்பட்டது. 5.9.2022 தேதியிட்ட ரூ.3,00,000 செல்ஃப் காசோலையின் பின்புறம் பணம் பெற்றவராகக் குமாஸ்தாவின் கையெழுத்து உள்ளது. 7.9.2022 தேதியிட்ட ரூ.1,50,000 காசோலை எதிர்மனுதாரரின் கணக்கிலேயே வரவாகியிருக்கிறது. கணக்குத் தொடங்கும் படிவத்தில் இருப்பது குமாஸ்தாவின் கைபேசி எண். எனவே வங்கியின் குறுஞ்செய்தி எதுவும் புகார்தாரருக்குப் போகவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பணத்தை எடுத்த பிறகு, 20.9.2022 அன்று எதிர்மனுதாரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி: "அம்மா, செக் பெட்டிஷன் இன்னும் ஆர்டர் ஆகல. அடுத்த மாசம் பார்க்கலாம்." இது மின்னணு ஆதாரத்துக்கான 65பி சான்றிதழோடு குறியீடு செய்யப்பட்டது. 14.11.2022 அன்று பாஸ்புக் பதிவு போட்டபோதுதான் புகார்தாரருக்கு விஷயம் தெரிந்தது.

ஒப்பந்தத்தைக் குழு நம்பவில்லை. 2021 ஜனவரியில் எழுதியதாகச் சொல்லப்படும் தாளில் "ரூ.15,06,500-ல் 30 சதவீதம்" என்று இருக்கிறது. அந்தத் தொகை 2022 ஜூலைக்கு முன் யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. குறுக்கு விசாரணையில் இதற்கு எதிர்மனுதாரரிடம் விளக்கம் இல்லை.

காசோலைகளில் கையெழுத்துப் போட்டது தான்தான் என்று புகார்தாரர் குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். அது எதிர்மனுதாரருக்கு உதவவில்லை. கேள்வி கையெழுத்து பற்றியதல்ல, கணக்கு பற்றியது. பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதிகளில் 25 கணக்கு வைக்கச் சொல்கிறது, 27 வந்த பணத்தை உடனே தெரிவிக்கச் சொல்கிறது, 30 கேட்டால் கணக்கு நகல் தரச் சொல்கிறது. மூன்றும் மீறப்பட்டன. கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவர மூன்று வாய்தா தரப்பட்டும் அது வரவில்லை. கட்டணம் பேசி முடிக்காதபோது விதிப்படியான கட்டணத்தைக் கழிக்க விதி 29 இடம் தருவதால், அவார்டில் குறிக்கப்பட்ட வழக்கறிஞர் கட்டணம் ரூ.21,000 கழிக்கப்பட்டது. கணக்கில்லாத தொகை ரூ.4,29,000.

இரண்டாவது: நிரூபிக்கப்பட்டது. 10.12.2022 பதிவுத் தபாலுக்குப் பதில் இல்லை. கட்டு இரண்டாம் வாய்தாவில்தான் ஒப்படைக்கப்பட்டது. கட்டண பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் (2000) உச்ச நீதிமன்றம் சொன்னதைக் குழு பின்பற்றியது.

மூன்றாவது: தள்ளுபடி. மேல்முறையீடு தேவையில்லை என்று கருதியது தொழில்முறை மதிப்பீடு; அது தவறாக இருந்தாலும் நேர்மைக்கேடு இல்லாத கவனக்குறைவு ஒழுக்கக்கேடு ஆகாது.

நான்காவது: நிரூபிக்கப்படவில்லை. அழைப்புப் பதிவும் இல்லை, தனிச் சாட்சியும் இல்லை.

ஐந்தாவது: நிரூபிக்கப்பட்டது. ஒப்பந்தம் போலி என்றாலும், 30 சதவீதம் பேசியதாக எதிர்மனுதாரர் தன் பதிலிலும் சாட்சியத்திலும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். விதி 20 தடை செய்வது அதைத்தான். தற்காப்பாகக் கொண்டுவந்த வாதமே தனிக் குற்றச்சாட்டாக மாறியது. விபத்து வழக்குகளில் "பர்சன்டேஜ்" சகஜம் என்ற வாதம் ஒரே வரியில் நிராகரிக்கப்பட்டது.

சமரசம்: 22.11.2023 அன்று எதிர்மனுதாரர் ரூ.2,00,000 வரைவோலை தந்தார். புகார்தாரரும் மேலே நடத்த விருப்பமில்லை என்று மனு போட்டார். சமரசம் ஆனதாலேயே நடவடிக்கையைக் கைவிட விதிகள் இடம் தரவில்லை என்று குழு விசாரணையைத் தொடர்ந்தது.

தண்டனை

பிரிவு 35(3)-ன்படி குழுவால் செய்யக்கூடியவை: புகாரைத் தள்ளுபடி செய்வது, கண்டிப்பது, குறிப்பிட்ட காலத்துக்குத் தொழிலிலிருந்து இடைநீக்கம் செய்வது, பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குவது. அபராதம் இந்தப் பட்டியலில் இல்லை.

விதிக்கப்பட்டது:
உத்தரவு கிடைத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு இடைநீக்கம். இக்காலத்தில் இந்தியாவின் எந்த நீதிமன்றத்திலும் அதிகாரி முன்பும் அவர் தொழில் செய்ய முடியாது.
பிரிவு 43-ன்படி புகார்தாரருக்குச் செலவுத்தொகை ரூ.20,000.
தண்டனை பதிவேட்டில் குறிக்கப்படும்; பதிவுச் சான்றிதழ் திரும்பப் பெறப்படும்.

17 ஆண்டு தொழிலில் முன்புகார் இல்லை என்பதும், ஒரு பகுதிப் பணம் திரும்பியதும் பெயர் நீக்கத்தைத் தவிர்த்தன. போலி ஒப்பந்தத்தைக் குழுவிடமே தாக்கல் செய்தது கண்டனத்தோடு விடுவதைத் தடுத்தது.

மீதி ரூ.2,29,000-ஐத் திருப்பித் தர உத்தரவு இல்லை. "பணத்தைத் திருப்பித் தர குழு உத்தரவிட்டது" என்று எழுதினால் அது தவறு. அதற்குப் புகார்தாரர் சிவில் நீதிமன்றம்தான் போக வேண்டும். குற்றவியல் நடவடிக்கைக்கும் இந்த உத்தரவு தடையில்லை.

தற்போதைய நிலை

பிரிவு 37-ன்படி 60 நாளுக்குள் எதிர்மனுதாரர் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவில் மேல்முறையீடு செய்திருக்கிறார். மேல்முறையீடு செய்வதாலேயே உத்தரவு நிற்காது (பிரிவு 40). தனியாகத் தடை வாங்க வேண்டும். இச்சுருக்கம் தயாரான நாள்வரை தடை இல்லை. ஆகவே அவர் வக்காலத்து வைத்திருக்கும் வழக்குகளில் கட்சிக்காரர்கள் வேறு வழக்கறிஞரை நியமித்தாக வேண்டும்.