கல்லடியில் மேல்மாடி வீட்டுக்கு மூன்றாவது ஆள் தேவை

மட்டக்களப்பு கல்லடியில், பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், மேல்மாடி வீடு ஒன்றில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். ஒருவருக்குத் திருகோணமலைக்கு இடமாற்றம். அவருடைய சிறிய அறை ஓகஸ்ட் 1 முதல் காலி. வேலை செய்கிற அல்லது படிக்கிற ஆண் ஒருவர் தேவை.

முதலில் காசு விசயம். முழு வாடகை 36,000 ரூபா. பெரிய அறையில் இருக்கும் நாங்கள் இருவரும் ஆளுக்கு 11,000 கொடுக்கிறோம். சிறிய அறை தனி அறை என்பதால் அதற்கு 14,000. முற்பணம் மூன்று மாதம், அதாவது 42,000. அதை வீட்டுக்காரரிடம் நேரே கொடுத்து, உங்கள் பெயரில் துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் கையில் தர வேண்டாம். விட்டுப் போவதென்றால் ஒரு மாதம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். வாடகை ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதிக்குள். சம்பளம் பிந்தினால் வாய் திறந்து சொல்லுங்கள், பார்த்துக்கொள்ளலாம். சொல்லாமல் ஒளித்துத் திரிவதுதான் பிரச்சினை.

கரண்ட் பில், தண்ணீர் பில், வைஃபை, காஸ் எல்லாம் மூன்றாகப் பிரிப்போம். மேல்மாடிக்குத் தனி மீற்றர் இருக்கிறது. மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே விலை மாறிவிடும் என்பதால் கொஞ்சம் கவனமாக இருக்கிறோம்: சட்டை அயன் பண்ணுவது ஞாயிறு ஒரு நாள், மொத்தமாக. சுடுதண்ணீர் ஹீற்றர், ஏசி கிடையாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஃபேன் இரவு முழுக்க ஓடும், அதற்கு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அந்தச் சூட்டில் ஃபேனை நிற்பாட்டச் சொல்கிறவன் மனிசனே இல்லை.

இனி நாங்கள் யார் என்று சொல்ல வேண்டும். நான் திருக்கோவில் பக்கம், டவுனில் ஒரு அலுவலகத்தில் வேலை. காலை ஐந்தரைக்கு எழும்பி விடுவேன், இரவு பத்துக்கெல்லாம் படுத்து விடுவேன், கிரிக்கெட் மேட்ச் இருக்கிற நாள் தவிர. குறட்டை விடுவேன், உங்கள் அறைக் கதவைச் சாத்தினால் கேட்காது என்று போனவர் சொன்னார். மற்றவர் நிந்தவூர், ஆஸ்பத்திரியில் தாதி உத்தியோகத்தர். நைட் டியூட்டி முடிந்து காலை எட்டு மணிக்கு வந்தால் பின்நேரம் வரை தூக்கம். அதனால் இந்த வீட்டின் முதல் சட்டம் சத்தம்தான். டியூட்டி நேர அட்டவணையை ஃபிரிஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். அவர் தூங்கும் நேரம் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கதைப்பதும், பாட்டுப் போடுவதும், கதவை அடித்துச் சாத்துவதும் கூடாது. ஹெட்செட் இல்லாதவர் வரும்போதே ஒன்று வாங்கிக்கொண்டு வரவும்.

சமையல் எங்கள் வீட்டில் பெரிய விசயம். இரவுச் சாப்பாடு சேர்ந்து சமைக்கிறோம். அரிசி, தேங்காய், மரக்கறிச் சாமானுக்கு மாதம் ஆளுக்கு 7,000 ஒரு டப்பாவில் போடுவோம். மீன், இறால் வாங்குகிறவர் அன்றைய செலவைக் கொப்பியில் எழுதி வைப்பார். வெள்ளிக்கிழமை எனக்கு மரக்கறி, மற்றவர் மீன் பொரிப்பார். அதற்குத் தாச்சி வேறு, அகப்பை வேறு. பன்றியிறைச்சியும் மாட்டிறைச்சியும் வீட்டில் சமைப்பதில்லை. ஒன்று அவருக்காக, மற்றது கீழே இருக்கும் வீட்டுக்காரருக்காக. வெளியே என்ன சாப்பிட்டாலும் அது உங்கள் பாடு. கோழி வாங்குவதென்றால் ஹலால் கடையில் வாங்க வேண்டும், அப்போதுதான் ஒரே சட்டியில் எல்லோரும் சாப்பிடலாம். நோன்பு மாதத்தில் விடியற்காலை நாலு மணிக்குக் குசினியில் லைட் எரியும். பின்நேரம் கஞ்சி உங்களுக்கும் கிடைக்கும்.

சமைக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, தேங்காய் துருவி, சட்டி கழுவினால் போதும். ஆனால் மீன் வெட்டுவது பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குசினி சிங்கில் வெட்டக் கூடாது. கிணற்றடிக் குழாயில் வெட்டி, செதிள், குடல், இறால் கோதெல்லாம் பேப்பரில் சுற்றி, இரண்டு பையில் போட்டுக் கட்டி, மூடியுள்ள வாளியில் வைக்க வேண்டும். குப்பை வண்டி வரும் நாளில் காலையிலேயே கேற்றடிக்குக் கொண்டு போகாவிட்டால், ஒழுங்கையில் உள்ள பூனை எல்லாம் பையைக் கிழித்துப் படியெல்லாம் பரப்பி விடும். அந்தப் படியைக் கழுவுவது பையைக் கட்டாதவர்.

குடிக்க, சமைக்கக் குழாய்த் தண்ணீர். குளிக்க, உடுப்புத் தோய்க்கக் கிணறு. லேசாக உப்புக் கரிக்கும், சவர்க்காரம் நுரைக்காது, பழகி விடும். மோட்டர் போட்டால் டாங்கி நிரம்பும்வரை வீட்டிலேயே நிற்க வேண்டும். வாளியில் தண்ணீரைத் திறந்து வைக்காதீர்கள், டெங்கு நுளம்பு. கூட்டுவது, பாத்ரூம் கழுவுவது முறை வைத்துச் செய்கிறோம். யாருடைய வாரம் என்று குசினிக் கதவுக்குப் பின்னால் எழுதியிருக்கிறது.

சிகரெட், குடி இரண்டும் வீட்டுக்குள் இல்லை, பால்கனியிலும் இல்லை. கீழே வீட்டுக்கார அங்கிளும் அன்ரியும் இருக்கிறார்கள். நல்ல மனிதர்கள், ஆனால் கேற்றை இரவு பத்தரைக்குப் பூட்டி விடுவார்கள். திறப்பு ஒன்று உங்களுக்கும் தருவார்கள். பிந்தி வந்தால் பைக்கை ஒழுங்கை முனையிலேயே ஓஃப் பண்ணி உருட்டிக்கொண்டு வரவும். நண்பர்கள் வந்து ஓரிரு இரவு தங்கலாம், எங்களிடம் முதலில் சொன்னால் சரி. அம்மா, சகோதரி பகலில் வந்து போகலாம். வேறு பெண்கள் வந்தால் அன்ரி கேள்வி கேட்பார். இது எங்கள் சட்டமில்லை, ஆனால் இதை மாற்ற எங்களாலும் முடியவில்லை.

அறையில் கட்டில், மேசை, ஒரு ஃபேன், சிறிய அலுமாரி இருக்கிறது. மெத்தையும் நுளம்பு வலையும் நீங்கள் கொண்டு வர வேண்டும். ஜன்னல் கிழக்குப் பக்கம், காற்று நன்றாக வரும். அதே காற்றுத்தான் பைக் செயினைத் துருப்பிடிக்க வைக்கும், எனவே ஒரு கவர் வாங்கி வையுங்கள். மாரி மழையில் வீட்டுக்குள் வெள்ளம் வராது, ஒழுங்கையில் முழங்கால் அளவு நிற்கும். விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கு நடந்தே போகலாம். டவுன், ஆஸ்பத்திரிப் பக்கம் என்றால் கல்லடிப் பாலம் தாண்ட வேண்டும், பஸ் அடிக்கடி உண்டு. வந்தாறுமூலை வளாகத்தில் படிக்கிறவர் நன்றாக யோசித்துக் கேளுங்கள். அது திருகோணமலை வீதியில், டவுனுக்கும் அப்பால். தினம் போய் வர அலுத்துப் போகும்.

எந்த ஊர், எந்த மதம் என்று நாங்கள் பார்ப்பதில்லை. கதைத்துப் பழகக் கூடியவர், கணக்கில் நேர்மையானவர் என்றால் போதும். என் நம்பரை எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் போட விருப்பமில்லை; இதை உங்களுக்கு அனுப்பியவரிடம் கேட்டால் தருவார். அழைப்பதை விட முதலில் மெசேஜ் போடுங்கள்: என்ன வேலை, எவ்வளவு காலம் இருப்பீர்கள், பைக் இருக்கிறதா என்று. சனிக்கிழமை பின்நேரம் நாலு மணிக்குப் பிறகு வந்து அறையைப் பார்க்கலாம். ஜூலை 20க்குள் ஆள் சரிவராவிட்டால் வீட்டுக்கார அங்கிள் தனக்குத் தெரிந்த ஒருவரைப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார், அதற்கு முன் முடிவு சொல்லுங்கள்.