ஆறு அளவீடுகளில் அடாபூஸ்ட்: தவறிய புள்ளி எப்படிக் கனக்கிறது

எளிய வகைப்படுத்திகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கற்பித்து, அவற்றின் வாக்குகளைக் கூட்டி முடிவு சொல்லும் முறைதான் அடாபூஸ்ட். அதைப் பற்றிப் படிக்கும்போது "தவறாக வகைப்படுத்தப்பட்ட தரவுகளின் எடை கூட்டப்படும்" என்ற வரி எல்லா இடத்திலும் வரும். எவ்வளவு கூட்டப்படும், ஏன் அவ்வளவு என்பதுதான் அதன் அழகே. அதைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். ஆறு புள்ளிகள் போதும்.

ஒரு குழாயில் நீரழுத்தத்தை ஆறு முறை அளந்திருக்கிறோம். அழுத்தம் மிகக் குறைந்தாலும் பழுது, மிகக் கூடினாலும் பழுது. நடுவில் இருந்தால் நலம். பழுதுக்கு +1, நலத்துக்கு -1.

```
அழுத்தம் :  1   2   3   4   5   6
விடை     : +1  +1  -1  -1  -1  +1
```

நம்மிடம் இருக்கும் கருவி ஒரே ஒரு பிளவு கொண்ட முடிவு மரம். இதை ஸ்டம்ப் என்பார்கள். ஓர் எண்ணை எல்லையாக வைத்து, இந்தப் பக்கம் ஒரு விடை, அந்தப் பக்கம் ஒரு விடை சொல்லும். அவ்வளவுதான் அதன் அறிவு. பழுது இரண்டு ஓரங்களிலும் இருப்பதால் எந்த ஒரு ஸ்டம்பாலும் ஆறையும் சரியாகச் சொல்ல முடியாது. இந்த இயலாமைதான் நமக்கு வேண்டும்.

தொடக்கத்தில் ஆறு புள்ளிகளுக்கும் சம எடை, ஆளுக்கு 1/6. இருப்பதிலேயே நல்ல ஸ்டம்ப், 2.5-இல் வெட்டுவது: அதற்குக் கீழே பழுது, மேலே நலம். 6 மட்டும் தவறுகிறது. தவறியவற்றின் எடைகளைக் கூட்டினால் வருவதுதான் பிழை, ε = 1/6.

இந்த ஸ்டம்புக்கு எவ்வளவு வாக்கு கொடுப்பது? சூத்திரம் இது:

```
α = ½ ln((1 − ε) / ε)
```

இங்கே α = ½ ln 5 = 0.805. பிழை குறைந்தால் வாக்கு கூடும். பிழை சரியாக 0.5 என்றால், அதாவது நாணயம் சுண்டுவதற்குச் சமம் என்றால், வாக்கு பூஜ்யம்.

அடுத்து எடை மாற்றம். சரியாகச் சொன்ன புள்ளியின் எடையை e^(−α)-ஆலும், தவறியதை e^α-ஆலும் பெருக்க வேண்டும். நம் கணக்கில் e^α என்பது √5, அதாவது 2.236. தவறிய 6-இன் எடை 0.3727 ஆகிறது, மற்ற ஐந்தும் ஆளுக்கு 0.0745. எல்லாவற்றையும் கூட்டினால் 0.7454. கூட்டுத்தொகை 1 ஆக வேண்டும் என்பதால் அதைக் கொண்டு வகுக்கிறோம். வருவது:

```
அழுத்தம் :  1    2    3    4    5    6
எடை      : 0.1  0.1  0.1  0.1  0.1  0.5
```

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். தவறிய ஒரே புள்ளியின் எடை சரியாகப் பாதி. சரியான ஐந்தின் மொத்தமும் பாதி. இது தற்செயல் இல்லை. எந்தத் தரவாக இருந்தாலும், எந்தச் சுற்றாக இருந்தாலும், எடை மாறிய பிறகு தவறியவற்றின் மொத்தம் 0.5 என்றே வந்து நிற்கும். அந்த α அப்படி வரும்படிதான் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. அதாவது புதிய எடைகளில் பார்த்தால், சற்றுமுன் கிடைத்த ஸ்டம்பின் பிழை 0.5. போன சுற்றின் வெற்றியாளர் இந்தச் சுற்றில் நாணயம் சுண்டுகிறவருக்குச் சமம்! அடுத்த ஸ்டம்ப் அதையே திரும்பச் சொல்லிப் பயனில்லை. வேறு எதையாவது கற்றே ஆக வேண்டும். சூத்திரத்தில் அந்த ½ எதற்கு என்று வெகுநாள் எனக்குப் புரியாமல் இருந்தது. இந்தப் பாதிக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான் தெளிந்தது.

சரி, இரண்டாம் சுற்று. 6-ஐ விட்டுவிட்டால் பாதி எடை போய்விடும், ஆகவே ஸ்டம்ப் அதைப் பிடித்தே தீரும். 5.5-இல் வெட்டி, மேலே பழுது, கீழே நலம் என்கிறது. இப்போது 1, 2 இரண்டும் தவறுகின்றன. ε = 0.2, α = ½ ln 4 = 0.693.

இதுவரை வந்த இரண்டின் வாக்குகளையும் கூட்டிப் பார்ப்போம். ஸ்டம்ப் பழுது என்றால் அதன் வாக்குக்கு +, நலம் என்றால் −. கூட்டுத்தொகையின் குறிதான் விடை. 1, 2 இரண்டுக்கும் 0.805 − 0.693 = +0.112, சரி. 3, 4, 5-க்கு இரண்டு ஸ்டம்புகளும் நலம் என்பதால் −1.498. 6-க்கு −0.112. இன்னும் தவறுதான். இரண்டு ஓரங்களும் கயிறு இழுக்கின்றன, முதல் ஸ்டம்ப் மயிரிழையில் ஜெயிக்கிறது.

மறுபடி எடை மாற்றினால் 1, 2 இரண்டும் ஆளுக்கு 0.25 (மொத்தம் பாதி, கவனியுங்கள்). 3, 4, 5 ஆளுக்கு 0.0625. 6-க்கு 0.3125.

மூன்றாம் சுற்றில்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் நடக்கிறது. ஸ்டம்ப் மறுபடி 2.5-இல் வெட்டுகிறது. இடப்பக்கம் பழுது, அதில் சந்தேகமில்லை. வலப்பக்கம் நலத்தின் எடை 3 × 0.0625 = 0.1875, பழுதின் எடை 0.3125. எண்ணிக்கையில் மூன்றுக்கு ஒன்று, ஆனால் எடையில் அந்த ஒன்றே பெரிது. ஆகவே வலப்பக்கமும் பழுது! இரண்டு பக்கமும் ஒரே விடை. பார்த்தால் முட்டாள்தனமான மரம். ஆனால் ε = 0.1875, வேறு விடை சொல்லும் எல்லா ஸ்டம்பையும்விடக் குறைவு. α = ½ ln(0.8125 / 0.1875) = 0.733.

கூட்டுங்கள்:

```
1, 2    : +0.805 − 0.693 + 0.733 = +0.845
3, 4, 5 : −0.805 − 0.693 + 0.733 = −0.765
6       : −0.805 + 0.693 + 0.733 = +0.621
```

ஆறும் சரி. தனியாகப் பார்த்தால் பயனற்றது போலிருந்த மூன்றாவது மரம், கயிறு இழுப்பில் ஒரே அளவு கைகொடுத்து இரண்டு ஓரங்களையும் பூஜ்யத்துக்கு மேலே தூக்கிவிட்டது. நடு மட்டும் கீழே நிற்கிறது, ஏனென்றால் அதற்கு எதிராக ஏற்கெனவே இரண்டு வாக்குகள் இருந்தன.

கையால் போட்டதைச் சரிபார்க்க:

```python
from sklearn.ensemble import AdaBoostClassifier
X = [[1], [2], [3], [4], [5], [6]]
y = [1, 1, -1, -1, -1, 1]
m = AdaBoostClassifier(n_estimators=3).fit(X, y)
print(m.estimator_errors_)
print(m.estimator_weights_)
print(m.predict(X))
```

பிழைகள் அதே 0.1667, 0.2, 0.1875. வாக்குகள் மட்டும் 1.609, 1.386, 1.466 என்று நம்முடையதைப் போல இரு மடங்காக வரும். sklearn என்ற இந்த நூலகம் ½-ஐச் சேர்ப்பதில்லை, தவறியவற்றின் எடையை மட்டும் பெருக்குகிறது, அதனால் பாதிக் கணக்கு அப்படியே நிற்கும். எல்லா வாக்கும் ஒரே அளவில் பெருகுவதால் விடையின் குறி மாறாது. (1.6-க்கு முந்தைய பதிப்பு என்றால் `algorithm="SAMME"` என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது இயல்பாக ஓடியது வேறு வகை.)

இந்த முறையைத் தந்தவர்கள் யோவ் ஃபிராயிண்டும் ராபர்ட் ஷபைரும். இதற்காக 2003-இல் கோடெல் பரிசு பெற்றார்கள். 2001-இல் வயோலாவும் ஜோன்ஸும் படத்தில் முகம் தேடுவதற்கு இதையே பயன்படுத்தினார்கள். அங்கேயும் அடித்தளம் இதே மாதிரி ஒற்றை எல்லை வைத்து முடிவு சொல்லும் சின்னச் சின்ன வகைப்படுத்திகள்தான்.

இன்னும் ஒன்று. 6-க்கு எதிரே "பழுது" என்று எழுதியவர் கை தவறி எழுதியிருந்தால்? அடாபூஸ்டுக்கு அது தெரியாது. ஒரே சுற்றில் பாதி எடையை அந்தத் தவறான பதிவின் தலையில் ஏற்றிவிடும், அடுத்த மரங்கள் எல்லாம் அதைத் திருப்திப்படுத்தவே ஓடும். தரவில் இப்படிப்பட்ட பதிவுகள் நிறைய இருக்கும் என்று சந்தேகம் வந்தால், சில சுற்றுகள் ஓட்டி நிறுத்திவிட்டு, எடை மிக அதிகமான பதிவுகளை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். சில உண்மையிலேயே கடினமானவையாக இருக்கும், சில தப்பாக எழுதப்பட்டவையாக இருக்கும். எது எது என்பதை மரம் சொல்லாது, அளவெடுத்தவரிடம்தான் கேட்க வேண்டும்.