கஜா புயலில் இடிந்த வீட்டுக்கு நிவாரணம் கோரும் மனு

அனுப்புநர்
க. மல்லிகா,
க/பெ. (காலஞ்சென்ற) கலியமூர்த்தி,
கதவு எண் 2/47, மேலத்தெரு,
தேத்தாகுடி, வேதாரண்யம் வட்டம்,
நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்
வட்டாட்சியர் (பேரிடர் மேலாண்மை) அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகப்பட்டினம்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: கஜா புயலில் இடிந்த ஓட்டு வீட்டை மறு ஆய்வு செய்து, முழுச் சேதமாகப் பதிந்து நிவாரணம் வழங்க வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். மேற்கண்ட முகவரியில் என் மாமியார் (வயது 78), மகன், மகள் ஆகியோருடன் வசிக்கிறேன். உப்பளத்தில் கூலி வேலை செய்கிறேன். புயலுக்குப் பின் இன்றுவரை அந்த வேலையும் இல்லை.

15.11.2018 மாலையே ஊராட்சியில் சொன்னபடி பள்ளிக்கூட முகாமுக்குப் போய்விட்டோம். அதனால்தான் நால்வரும் உயிரோடு இருக்கிறோம். 16-ம் தேதி விடியுமுன் முதலில் வாடைக்காற்று அடித்தது, கொஞ்ச நேரம் அடங்கியது, பிறகு தெற்கேயிருந்து அதைவிட மோசமாகத் திரும்பியது. காலையில் போய்ப் பார்த்தபோது கொல்லைத் தென்னை ஒன்று வேரோடு சாய்ந்து வீட்டு முகட்டில் கிடந்தது. முகட்டு உத்திரம் இரண்டாக முறிந்து, ஓடுகள் நொறுங்கி, வடக்குச் சுவர் அடியோடு விழுந்துவிட்டது. மேற்குச் சுவர் உச்சியிலிருந்து அடிவாரம்வரை பிளந்து வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கிறது.

கணக்கெடுக்க வந்தவர்கள் வந்த நாளில் நாங்கள் இன்னும் முகாமில் இருந்தோம். தெருவிலிருந்து பார்த்தால் எங்கள் வீட்டின் முன்சுவரும் திண்ணையும் அப்படியே இருப்பது போலத்தான் தெரியும். இடிந்ததெல்லாம் பின்பக்கம். ஆகவே ‘பகுதிச் சேதம்’ என்று பதிவாகியிருப்பதாக அறிகிறேன். பேரிடர் நிவாரண நெறிமுறைப்படி பகுதிச் சேதத்துக்கு ரூ.5,200, முழுவதும் இடிந்த அல்லது கடுமையாகச் சேதமடைந்த வீட்டுக்கு ரூ.95,100 என்று சொன்னார்கள். ஐயா, இந்த வீட்டில் இனி ஒரு அறையில்கூடப் படுக்க முடியாது. திண்ணையில் தார்ப்பாய் கட்டித்தான் மாமியாரைப் படுக்க வைத்திருக்கிறோம். மார்கழிப் பனி வரப் போகிறது.

இத்துடன் ஆறு புகைப்படங்கள் இணைத்துள்ளேன். முதல் ஐந்தும் 17.11.2018 காலையில், மரத்தை அறுத்து அகற்றுமுன், என் மகன் கைப்பேசியில் எடுத்தவை. ஊரில் மின்சாரம் இல்லாததால் பிரிண்ட் போடத்தான் தாமதமாகிவிட்டது. 1-வது படம் தெருவிலிருந்து எடுத்தது. 2-ல் முகட்டில் கிடக்கும் தென்னை, 3-ல் விழுந்த வடக்குச் சுவர். 4-வது படத்தில் மேற்குச் சுவரின் பிளவுக்குள் என் மகன் கைவிட்டுக் காட்டுகிறான், பிளவின் அகலம் அதில் தெரியும். 5-ல் உள்ளறையும் நனைந்த நெல் மூட்டைகளும். 6-வது படம் பழையது. மகளின் மஞ்சள் நீராட்டு விழாவில் எடுத்தது, பின்னால் வீடு முழுதாகத் தெரிகிறது. புயலுக்கு முன் வீடு நல்ல நிலையில் இருந்ததற்கு என்னிடம் இருக்கும் சான்று இது ஒன்றுதான். பிரதி எடுத்தபின் மூலப்படத்தைத் திருப்பித் தர வேண்டுகிறேன்.

வேதாரண்யத்தில் உள்ள பதிவு பெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து அளந்து கொடுத்த மதிப்பீடு (வீட்டின் அளவு 24 அடிக்கு 16 அடி):

உத்திரம், சட்டம், ரீப்பர் – ரூ.54,000
ஓடு 1,000 – ரூ.30,000
செங்கல் 4,000 – ரூ.28,000
சிமெண்ட் 25 மூட்டை – ரூ.9,500
மணல் – ரூ.10,000
கொத்தனார், தச்சர், சித்தாள் கூலி – ரூ.36,000
கதவு, ஜன்னல் – ரூ.14,500
மின் இணைப்பு வேலை – ரூ.8,500
மொத்தம் – ரூ.1,90,500

இந்தத் தொகை முழுவதையும் அரசிடம் கேட்கவில்லை. சேதத்தின் அளவு தெரிய வேண்டும் என்றுதான் இணைத்திருக்கிறேன். பட்டா இன்னும் என் கணவர் பெயரிலேயே இருப்பதால், அவருடைய இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்துள்ளேன். நிவாரணத் தொகையை என் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் வரவு வைக்க மற்ற வாரிசுகளுக்கு ஆட்சேபணை இல்லை.

அதிகாரிகள் பார்க்காமல் இடித்துவிட்டால் ஆதாரம் போய்விடும் என்று மேற்குச் சுவரை இன்னும் இடிக்காமல் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் பக்கத்தில் போகாதபடி கயிறு கட்டியிருக்கிறோம். ஒரு மழை பெய்தால் அது தானாக விழும். எனவே ஒரு வாரத்துக்குள் நேரில் பார்வையிட உத்தரவிட்டு, முழுச் சேதத்துக்கான நிவாரணம் கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எந்த நாள் வந்தாலும் நான் வீட்டில் இருப்பேன்.

இணைப்பு: புகைப்படங்கள் 6, பொறியாளர் மதிப்பீடு, பட்டா நகல், வீட்டு வரி ரசீது, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தக நகல்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
க. மல்லிகா

இடம்: நாகப்பட்டினம்
நாள்: 10.12.2018

நகல்: வட்டாட்சியர் அவர்கள், வேதாரண்யம்.