வேலை கிடைத்துவிட்டது சார், மிக்க நன்றி

மதிப்பிற்குரிய சாருக்கு, வணக்கம்.

பொள்ளாச்சி தென்னைநார் கம்பெனியில் லேப் உதவியாளர் வேலை எனக்கே கிடைத்துவிட்டது. நேற்று மாலை ஆர்டர் வந்தது. திங்கட்கிழமை சேர்கிறேன். ஆறு மாதம் பயிற்சி, மாதம் 16,000 ரூபாய். அப்புறம் நிரந்தரம்.

நீங்கள் போனில் பேசியதை மேலாளர் என்னிடம் சொன்னார். "அளவு தப்பாக வந்தாலும் அடித்துத் திருத்தாமல், வந்ததை அப்படியே எழுதுகிற பெண்" என்றீர்களாமே! நார்த்தூளைக் கழுவிய பிறகு உப்பு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று மின்கடத்துதிறனை அளந்து பார்ப்பதுதான் அங்கே என் வேலை. உப்பு கூடினால் செடியின் வேர் கருகும், வாங்குபவர்கள் சரக்கைத் திருப்பிவிடுவார்கள். அதனால் உங்களுடைய அந்த ஒரு வார்த்தைதான் அவர் மனதில் நின்றதாம். இரண்டாம் வருடம் என் டைட்ரேஷன் ரெக்கார்டைத் திருப்பித் தந்து மறுபடி செய்யச் சொன்னீர்கள். அன்று அழுதேன் சார். இன்று அதற்கும் சேர்த்து நன்றி சொல்கிறேன்.

கோயம்புத்தூர் வேலைக்கு வரவில்லை என்று தெரிவித்துவிட்டேன். இனி அங்கிருந்து என்னைப் பற்றி விசாரிக்க உங்களுக்குப் போன் செய்ய மாட்டார்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் வழியாகத் தினமும் பஸ்ஸில் போய்வரலாம் என்பதில் அம்மாவுக்கு நிம்மதி. ஓணம் லீவில் நீங்கள் ஊரில் இருந்தால் அம்மாவோடு வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மாணவி
செல்வி