பில் தொகை செலுத்தும் கால அளவு 60 நாளிலிருந்து 30 நாளாகக் குறைவது தொடர்பாக

நாள்: 4 மே 2026

பெறுநர்: ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக எங்களிடம் அட்டைப்பெட்டி, லேபிள் வேலைகளைக் கொடுத்துவரும் நிறுவனங்களின் உரிமையாளர்கள், கொள்முதல் மேலாளர்கள், கணக்குப் பிரிவுப் பொறுப்பாளர்கள்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் பில்களுக்கான தொகையைச் செலுத்த இதுவரை தங்களுக்கு அளித்துவந்த 60 நாள் தவணையை, வரும் நவம்பர் மாதம் 1ஆம் தேதி முதல் 30 நாளாகக் குறைக்கிறோம் என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம். இந்த மாற்றம் ஒரே நாளில் வராமல் ஆகஸ்ட் 1ஆம் தேதியிலிருந்து இரண்டு கட்டமாக வரும். அதன் விவரத்தையும், இந்த முடிவுக்கு நாங்கள் வந்த காரணத்தையும் கீழே எழுதியிருக்கிறோம். புதிய வாடிக்கையாளர்களுக்குச் சென்ற ஆண்டு முதலே 30 நாள்தான் தருகிறோம். தங்களிடம் மட்டும் இதைச் சொல்லத் தயங்கிக் காலம் கடத்தினோம் என்பதே உண்மை.

அறுபது நாள் தவணையை நாங்கள் கொடுக்கத் தொடங்கிய காலத்தில் எங்களுக்கு அட்டையும் காகிதமும் தருபவர்களும் எங்களுக்கு அதே அறுபது நாளைத் தந்தார்கள். வாங்கிய கடனுக்கும் கொடுத்த கடனுக்கும் இடையில் பெரிய இடைவெளி இருக்கவில்லை. இன்று அந்த நிலை இல்லை. அட்டை தருபவர்கள் தவணையை முதலில் 30 நாளாகவும், பிறகு 15 நாளாகவும் குறைத்துவிட்டார்கள். மையும் பசையும் தருபவர்கள் பாதித் தொகையை முன்பணமாகவே கேட்கிறார்கள்.

ஒரு சாதாரண ஆர்டரை எடுத்துக்கொண்டால் இதன் விளைவு தெளிவாகும். அட்டை எங்கள் கிடங்குக்கு வந்து இறங்கும் நாளை முதல் நாளாகக் கொள்வோம். எட்டு நாள் அது கிடங்கில் இருக்கிறது. அச்சு, வெட்டு, ஒட்டு எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. ஏறக்குறைய இருபதாம் நாள் பெட்டிகள் தங்கள் வாசலுக்கு வந்து பில் போடப்படுகிறது. அட்டைக்கான பணத்தையோ அதற்கு ஐந்து நாள் முன்பே நாங்கள் கட்டிவிட்டிருப்போம். பில் தேதியிலிருந்து அறுபது நாள் கழித்து, அதாவது எண்பதாம் நாள், தங்கள் பணம் எங்களுக்கு வருகிறது. ஆக, ஒவ்வொரு ஆர்டரிலும் அறுபத்தைந்து நாள் எங்கள் பணம் வெளியில் நிற்கிறது. அந்த இடைவெளியை நிரப்புவது வங்கியின் ஓவர்டிராஃப்ட். அதற்கான வட்டி எங்கள் லாபத்திலிருந்து போகிறது. முப்பது நாள் தவணையில் இதே இடைவெளி முப்பத்தைந்து நாளாகக் குறையும். அப்போதும் எங்கள் பணம்தான் முன்னால் போகும், ஆனால் அது தாங்கக்கூடிய அளவில் இருக்கும்.

இதைச் சமாளிக்க விலையை உயர்த்தும் வழியையும் யோசித்தோம். அதை வேண்டாம் என்று விட்டதற்குக் காரணம் இருக்கிறது. தங்களில் சிலர் எப்போதுமே நாற்பது, நாற்பத்தைந்து நாளிலேயே பணத்தை அனுப்பிவிடுகிறீர்கள். விலையை உயர்த்தினால் அந்தச் சுமை, தாமதத்துக்குச் சம்பந்தமே இல்லாத அவர்கள் தலையிலும் சமமாக விழும். ஏற்றிய விலை பெரும்பாலும் இறங்குவதும் இல்லை. எனவே பிரச்சினை எங்கே இருக்கிறதோ அங்கேயே, அதாவது தவணையிலேயே, மாற்றம் செய்வது நியாயம் என்று முடிவு செய்தோம். தற்போதைய விலைகளில் இக்கடிதத்தால் எந்த மாற்றமும் இல்லை. தங்களுக்கு அனுமதித்துள்ள கடன் வரம்பும் அப்படியே இருக்கும்.

இனி, மாற்றம் நடைமுறைக்கு வரும் முறை. 31 ஜூலை 2026 வரை போடப்படும் பில்கள் அனைத்துக்கும் பழைய 60 நாள் தவணையே பொருந்தும். அவற்றில் ஒரு நாள்கூடக் குறையாது. ஆகஸ்ட் 1 முதல் அக்டோபர் 31 வரையிலான தேதியிட்ட பில்களுக்கு 45 நாள். நவம்பர் 1 முதல் தேதியிடப்படும் பில்களுக்கு 30 நாள். கணக்கு எப்போதும் பில் தேதியிலிருந்தே தொடங்கும். உதாரணமாக, நவம்பர் 3ஆம் தேதியிட்ட பில்லுக்குப் பழைய முறையில் ஜனவரி 2 வரை அவகாசம் இருந்திருக்கும். புதிய முறையில் டிசம்பர் 3ஆம் தேதி தொகை வந்து சேர வேண்டும்.

இடையில் 45 நாள் என்ற படியை வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. தங்கள் கணக்குப் பிரிவினர் அதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஆகஸ்ட் மாதமே நேராக 30 நாளுக்கு மாறியிருந்தால், ஜூலை மாத பில்களும் ஆகஸ்ட் மாத பில்களும் ஏறக்குறைய முழுவதுமாக ஒரே செப்டம்பரில் தங்கள் மீது விழுந்திருக்கும். ஒரே மாதத்தில் இரண்டு மாதப் பணம். 45 நாள் வைப்பதால் அந்தக் கூடுதல் சுமை பாதிப் பாதியாகப் பிரிகிறது. ஜூலை பில்களின் பின்பாதியும் ஆகஸ்ட் பில்களின் முன்பாதியும் செப்டம்பர் இரண்டாம் பாதியில் சேர்ந்து வரும். அதேபோல் அக்டோபர் பில்களின் பின்பாதியும் நவம்பர் பில்களின் முன்பாதியும் டிசம்பர் முதல் பாதியில் சேரும். இந்த இரண்டு பதினைந்து நாள்களைத் தவிர மற்ற நேரங்களில் தாங்கள் மாதந்தோறும் செலுத்தும் தொகையில் வித்தியாசம் தெரியாது. இவ்விரு காலகட்டத்துக்கான பணத்தை இப்போதே திட்டமிட்டு வைக்க வேண்டும் என்பதற்காகவே மூன்று மாதத்துக்கு முன்னதாக எழுதுகிறோம்.

அந்த இரண்டு காலகட்டத்தில் மட்டும் தங்களுக்கு நெருக்கடி இருக்குமானால், ஜூலை 15ஆம் தேதிக்குள் எங்களிடம் சொல்லுங்கள். கூடுதலாக வரும் தொகையை மூன்று தவணைகளாகப் பிரித்துச் செலுத்த ஏற்பாடு செய்துகொள்ளலாம். தேதி கடந்த பிறகு நாங்கள் தேடிவந்து கேட்பதைவிட முன்கூட்டியே பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் கௌரவமாக இருக்கும்.

தங்களில் பலர் மாதத்தில் குறிப்பிட்ட இரண்டு நாள்களில் மட்டுமே பணம் அனுப்பும் வழக்கம் வைத்திருக்கிறீர்கள் என்பது தெரியும். அதை மாற்றச் சொல்லமாட்டோம். கெடு தேதி அந்த இரண்டு நாள்களுக்கு இடையில் விழுந்தால், அடுத்து வரும் செலுத்தும் நாளில் தொகை வந்தாலும் உரிய நேரத்தில் வந்ததாகவே கொள்வோம். ஆனால் தங்கள் கணினிக் கணக்கில் எங்கள் பெயருக்கு நேராகப் பதிவாகியிருக்கும் தவணையை மறக்காமல் மாற்றச் சொல்லுங்கள். பல நிறுவனங்களில் அது Net 60 என்று பதிவாகியிருக்கும். ஆகஸ்ட் 1 அன்று Net 45 என்றும், நவம்பர் 1 அன்று Net 30 என்றும் அது மாற வேண்டும். மேலாளர் சம்மதித்த பிறகும் இந்த ஒரு கட்டத்தை யாரும் திருத்தாததால் பணம் பழைய தேதியிலேயே வந்துகொண்டிருந்ததைப் புதிய வாடிக்கையாளர்கள் விஷயத்தில் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

தங்களிடம் விரைவை எதிர்பார்க்கும் நாங்கள், எங்கள் பக்கத்துக் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சரக்கு போய்ச் சேர்ந்து நான்கைந்து நாள் கழித்தே எங்கள் பில் வந்த சந்தர்ப்பங்கள் உண்டு. சென்ற பிப்ரவரியில் ஒரு வாடிக்கையாளருக்குப் போன பில்லில் கொள்முதல் ஆணை எண் விட்டுப்போயிருந்தது. அந்தக் காகிதம் அவர்கள் கணக்குப் பிரிவில் எந்த ஆணையோடும் பொருந்தாமல் மூன்று வாரம் மேசையிலேயே கிடந்தது. நாங்களோ பணம் ஏன் வரவில்லை என்று இரண்டு முறை நினைவூட்டல் அனுப்பினோம். தவறு முழுக்க எங்களுடையது. ஆகவே ஆகஸ்ட் 1 முதல், சரக்கு கிளம்பும் அன்றே பில் மின்னஞ்சலில் வந்துவிடும். அதில் கொள்முதல் ஆணை எண், டெலிவரி சலான் எண், செலுத்த வேண்டிய கடைசித் தேதி மூன்றும் தெளிவாக இருக்கும். எங்கள் பிழையால் பில்லைத் திருத்தி அனுப்ப நேர்ந்தால், திருத்திய பில்லின் தேதியிலிருந்தே நாள் கணக்கிடப்படும்.

எண்ணிக்கையிலோ அச்சின் தரத்திலோ குறை இருந்தால், பில் கிடைத்த ஏழு நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம். அப்படித் தெரிவித்த பகுதிக்கான தொகையை, விவகாரம் முடியும்வரை நிறுத்திவைத்துக்கொள்ளலாம். குறை இல்லாத மீதிப் பகுதிக்கான தொகையை உரிய தேதியில் அனுப்பிவிட வேண்டும். பத்தாயிரம் பெட்டியில் இருநூறு பெட்டியின் நிறம் மங்கியிருந்தது என்பதற்காக முழு பில்லும் நின்றுபோவது இனி வேண்டாம்.

முன்கூட்டியே செலுத்த வசதியுள்ளவர்களுக்கு ஒரு சலுகையும் தருகிறோம். நவம்பர் 1 முதல், பில் தேதியிலிருந்து 10 நாளுக்குள் முழுத் தொகையும் வந்தால் அதில் 1 சதவீதம் கழித்துக்கொள்ளலாம். இருபது நாள் முன்னதாகத் தருவதற்கு ஒரு சதவீதம் என்பது ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 18 சதவீதத்துக்குச் சமம் என்பதால், கையில் பணம் சும்மா இருக்கும் மாதங்களில் இது தங்களுக்கு லாபகரமாகவே இருக்கும். தாமதத்துக்கு அபராத வட்டி என்று இப்போது எதையும் நாங்கள் புதிதாகச் சேர்க்கவில்லை. ஆனால் கெடு தேதி தாண்டி 15 நாள் ஆகியும் தொகை வராவிட்டால், அந்தப் பாக்கி தீரும்வரை புதிய ஆர்டர்களை அச்சுக்கு அனுப்ப இயலாது. இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது என்பதால் எழுதுகிறோம்.

இக்கடிதத்துடன் இதன் இன்னொரு பிரதியை இணைத்திருக்கிறோம். அதில் கையொப்பமிட்டு மே 31ஆம் தேதிக்குள் திருப்பி அனுப்ப வேண்டுகிறோம். ஆண்டு ஒப்பந்தத்தில் 60 நாள் என்று எழுத்தில் இருப்பவர்களுக்கு அந்த ஒப்பந்தம் முடியும்வரை பழைய தவணையே செல்லும். அவர்கள் விரும்பினால் மட்டும் முன்கூட்டியே மாறிக்கொள்ளலாம். மாற்றம் பற்றி நேரில் பேச வேண்டும் என்று கருதினால் நானே தங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். வசதியான நாளைத் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

(கையொப்பம்)
நிர்வாகப் பங்குதாரர்

இணைப்பு: ஒப்புதல் பிரதி – 1

பின்குறிப்பு: தவணைதான் மாறுகிறது, எங்கள் வங்கிக் கணக்கு மாறவில்லை. இதுபோன்ற அறிவிப்புகள் போகும் சமயத்தில், கணக்கு எண் மாறிவிட்டதாக எங்கள் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பிப் பணத்தைத் திருப்ப முயல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஏதாவது வந்தால், அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை அழைக்காமல், தங்களிடம் இருக்கும் எங்கள் பழைய பில்லில் அச்சாகியுள்ள தொலைபேசி எண்ணில் அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.